விருப்பமில்லாதவர் படத்துக்கு நிற்க வேண்டாம் என்று தீர்ப்பளித்த எங்கள் குடும்பத்தாருக்கு

பெரியண்ணாவுக்கும் சின்னண்ணாவுக்கும், மச்சாள்மாருக்கும், தம்பிக்கும் தங்கைக்கும், மருமக்களுக்கும் பெறாமக்களுக்கும்,

சென்ற மாதம் நமது குடும்ப வட்ஸ்அப் குழுவில் பெரியண்ணா ஒரு முடிவை அறிவித்தார். குடும்ப நிகழ்வுகளில் எடுக்கும் படங்களை முகநூலில் போடுவது பற்றி இனி எவரும் முறைப்பாடு சொல்லத் தேவையில்லை என்றும், விருப்பமில்லாதவர்கள் படத்துக்கு நிற்காமல் விடலாம் என்றும் அவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே பதினேழு பேர் பெருவிரலை உயர்த்திக் காட்டினீர்கள். நான் பதில் எழுத முற்பட்டபோது, நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று குழு மாற்றப்பட்டிருந்தது. நிர்வாகிகள் இருவர், அந்த இருவரில் நான் இல்லை. குழுவுக்குள் எனக்கு வாய் இல்லாமற் போனதனாலேயே இதை வெளியில் வைத்து எழுதுகிறேன்.

பெயர், தெரு, பதவி எதையும் நான் இங்கே எழுதவில்லை. மகளைப் பற்றி எழுதியிருப்பதை அவளிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை வெட்டச் சொன்னாள். காரணம் கேளாமல் வெட்டினேன். அது முடிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கடந்த ஓகஸ்டில் அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு நாம் உவர்மலை வீட்டில் கூடினோம். கனடாவிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் வந்தவர்களோடு முப்பத்தொரு பேர், மூன்று வரிசையாக, மாமரத்தின் கீழே நீலத் தறப்பாளுக்கு முன்னால் நின்றோம். படம் எடுத்தது பெரியண்ணாவின் மகன். பகல் பன்னிரண்டரைக்கு எடுத்த படத்தை மாலை நான்கு மணிக்கு அவர் முகநூலில் ஏற்றினார். அந்த நேரத்தில் நம்மில் பாதிப்பேர் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். எவரிடமும் கேட்கவில்லை என்பது ஒருபுறமிருக்க, போட்டுவிட்டேன் என்றுகூட அவர் சொல்லவில்லை.

மருமகனில் எனக்குக் கோபம் இல்லை. அவர் அப்பம்மாவைக் கொண்டாடத்தான் போட்டார். ஆனால் அந்த ஒரு பதிவுக்குள் நடந்தவற்றை நீங்கள் ஒருவரும் கடைசிவரை உட்கார்ந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

படத்தை யார் பார்க்கலாம் என்பதற்கு அவர் தேர்ந்தெடுத்திருந்தது Friends. "பப்ளிக்காகப் போடவில்லையே, மாமி" என்று அவர் என்னிடம் சொன்னது உண்மைதான். அவருடைய பட்டியலில் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. அதற்கு மேல், அவர் நம்மில் பதினொரு பேரை டேக் செய்திருந்தார். ஒருவரை டேக் செய்தால், போட்டவர் அதை மாற்றி வைக்காத வரையில், அந்த ஒருவருடைய நண்பர்களும் படத்தைப் பார்க்கலாம் என்பது முகநூலின் வழமை. என்னுடைய பட்டியலில் இருந்த, எங்கள் அலுவலகத்துக்கு அலுவலாக வந்துபோன எத்தனையோ பேருக்கும், சின்னண்ணாவின் பட்டியலில் இருந்த அவருடைய பழைய வாடிக்கையாளர்களுக்கும் இவ்வாறுதான் அந்த முப்பத்தொரு முகங்களும் போய்ச் சேர்ந்தன. ஆயிரத்து நானூறு பேருக்கென்று திறந்த கதவைப் பதினொரு பேரின் பெயரால் இன்னும் அகலத் திறந்தாயிற்று.

என் மகள் அந்தப் பதினொரு பேரில் இல்லை. அவளுக்கு முகநூல் கணக்கே கிடையாது. அதனால் அவளுக்கு எந்த அறிவித்தலும் போகவில்லை. டேக் செய்யப்பட்டவர்களுக்காவது மணி அடிக்கும். பெயரை நீக்கிக்கொள்ளவும் வழி இருக்கும். கணக்கே இல்லாதவர் தன் முகம் எங்கே இருக்கிறது என்பதை மற்றவர் சொல்லித்தான் அறியலாம். "விருப்பமில்லாவிட்டால் அவளே எடுத்திருக்கலாமே" என்று கேட்ட மச்சாளுக்கு இதைத்தான் அன்றைக்குச் சொல்ல நினைத்தேன்.

படத்தில் அவளுடைய பெயர் இல்லை. பெயரையும் மற்றவற்றையும் கொடுத்தது நாம்தான். பதிவின் கீழே இரவு வரையில் முப்பத்தெட்டுக் கருத்துகள் வந்திருந்தன. இரண்டாவது வரிசையில் இடதுபக்கம் கடைசியில் மயில்நீலச் சேலையுடன் நிற்பது யார் என்று ஒருவர் கேட்டார். "எங்கட டீச்சர் அம்மா" என்று ஓர் அக்கா பெயரோடு பதில் எழுதினார். எங்கே படிப்பிக்கிறா என்று இன்னொருவர் கேட்க, பாடசாலை எந்தப் பக்கம் என்பதும் வந்தது. "இன்னும் ஒன்றும் சரிவரேல்லையோ, இருபத்தேழு ஆகுதெல்லோ" என்று ஒரு மாமி கவலைப்பட்டார். "தகப்பன் இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்" என்று மிக நல்ல மனத்தோடு ஒருவர் எழுதினார். ஒவ்வொரு வரியையும் தனியே எடுத்தால் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தால் பெயர், வயது, தொழில், ஊர், தகப்பன் இல்லாத பிள்ளை, மணமாகாதவள் என்று ஒரு கலியாணத் தரகர் தன் கொப்பியில் எழுதும் அத்தனையும் நான்கைந்து மணித்தியாலத்துக்குள் நிரம்பிவிட்டது. முகம் மேலே இருந்தது. விவரம் கீழே இருந்தது. இரண்டையும் ஒட்ட வேண்டிய வேலை மட்டுமே மிச்சம்.

அந்த வேலையையும் ஒருவர் செய்தார். பத்தொன்பது நாள் கழித்து எனக்குக் கனடா இலக்கத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்மணி, "உங்கட மகளின்ர படம் பார்த்தனாங்கள், நல்ல பிள்ளையாத் தெரியுது, குறிப்பு அனுப்ப ஏலுமோ" என்று கேட்டார். எந்தப் படம் என்று கேட்டதும் அனுப்பியும் வைத்தார். மகள் மட்டும் இருக்கும்படி வெட்டப்பட்ட படம். பழைய அடையாள அட்டைப் படம்போலச் சற்று மங்கலாக இருந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. மகள்தான் கண்டுபிடித்தாள். "அம்மா, என்ர தோளில ஆரோ கை வைச்சிருக்கினம், பாருங்கோ" என்றாள். பக்கத்தில் நின்ற பெறாமகளின் கை, வளையலோடும் மோதிரத்தோடும், ஆள் இல்லாமல் தோளில் கிடந்தது. பின்னால் நீலத் தறப்பாளின் ஒரு மூலை தெரிந்தது. அம்மாவின் பிறந்தநாள் படம் அதுதான்.

முப்பத்தொரு பேர் நிற்கும் படத்தில் ஒரு முகம் யாருக்கு விளங்கப்போகிறது என்று தம்பி கேட்டிருந்தார். கணக்கு மிகச் சுலபமானது. பெரிய படத்தை ஏற்றும்போது முகநூல் அதன் நீளப் பக்கத்தை ஏறத்தாழ 2048 புள்ளிகளுக்குக் குறைத்துவிடுகிறது. ஒரு வரிசையில் பத்துப் பேர் நின்றால் ஆளுக்கு இருநூறு புள்ளி அளவில் கிடைக்கும். அச்சடித்துச் சுவரில் மாட்ட அது போதாது. கைத்தொலைபேசித் திரையில் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து, பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று சொல்ல அது தாராளமாகப் போதும்.

இதைத் தமாஷாக எடுத்துக்கொண்டு, நல்ல இடம் வந்தால் நல்லதுதானே என்று சிரித்தவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். ஆகவே நாங்கள் வெளியே சொல்லாதிருந்த ஒன்றை இப்போது சொல்கிறேன். ஆனி மாதத்திலிருந்து மகளுக்கு மட்டக்களப்பில் ஓர் இடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. குறிப்புப் பொருந்தியிருந்தது. இரண்டு பேரும் இரண்டு தடவை சந்தித்துப் பேசி, அவர்களுக்குள்ளும் ஒரு விருப்பம் வந்திருந்தது. தை பிறந்ததும் சொல்லலாம் என்று இரு வீட்டாரும் பொறுத்திருந்தோம். புரட்டாதியில் அந்த வீட்டுத் தாயார் எனக்கு அழைப்பெடுத்தார். அதே வெட்டிய படம், கீழே "27 வயது, அரச ஆசிரியை, திருகோணமலை, தகப்பன் இல்லை, வெளிநாட்டு மாப்பிள்ளை விரும்பத்தக்கது" என்ற வரிகளுடன், அவர்களுடைய உறவினர் ஒருவர் இருக்கும் கலியாணப் பேச்சுக் குழுவொன்றில் வந்திருந்தது. "பல இடத்திலயும் பார்க்கிறியள் எண்டால் எங்களுக்கு முதலே சொல்லியிருக்கலாம்" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பேச்சு மெல்ல மெல்ல நின்றுபோனது. வெளிநாட்டு மாப்பிள்ளை என்ற அந்த வரியை யார் சேர்த்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படத்தை வெட்டியவர் நமது உறவு என்றோ அல்ல என்றோ நான் சொல்லவில்லை. பார்த்தவர்கள் இத்தனை பேர் ஆனபிறகு அதைத் தேடிப் பயனும் இல்லை.

முதல் அழைப்பு வந்த அன்றைக்கே மருமகனுக்கு எழுதிப் படத்தை எடுக்கச் சொன்னேன். அவர் உடனே என் பெயரிலிருந்த டேக்கை நீக்கிவிட்டு, "எடுத்துவிட்டேன் மாமி" என்றார். Remove tag என்பதை அழுத்தினால் போவது பெயருக்கும் படத்துக்கும் இடையிலுள்ள இணைப்பு மட்டுந்தான். படம் இருந்த இடத்திலேயே இருக்கும், கருத்துகளும் இருக்கும். நானும் அது தெரியாமல் நன்றி சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். நான்கு நாட்கள் கழித்து, தங்கை தன் தொலைபேசியில் அதே படத்தைக் காட்டியபோதுதான் விளங்கியது. மறுபடி கேட்டேன். இவ்வளவு பேர் வாழ்த்தியிருக்கிறார்கள், அப்பம்மாவுக்குக் கவலையாக இருக்கும் என்று மருமகன் தயங்கினார். அம்மாவுக்கு அந்த வாழ்த்துகளில் ஒன்றையும் எவரும் வாசித்துக் காட்டியிருக்கவில்லை என்பது வேறு விடயம். ஒன்பதாம் நாள் பதிவு அழிக்கப்பட்டது. மூலப் பதிவு அழிந்தால் அதைப் பகிர்ந்தவர்களின் பக்கத்திலும் அது தெரியாமற் போகும், அதற்கு நன்றி. ஆனால் இறக்கி வைத்ததும், திரையைப் படம் பிடித்ததும், வெட்டி அனுப்பியதும் அதனோடு அழிவதில்லை. மட்டக்களப்பு அழைப்பு வந்தது பதிவு அழிக்கப்பட்டதற்குப் பிறகுதான்.

அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய பிறந்தநாள், அவரை முன்னிட்டுத்தான் எல்லாம் என்றீர்கள். கேக் வெட்டுவதற்கு முன் அம்மா கட்டுப்பல்லைக் கழற்றிவைத்திருந்த நேரத்தில் எடுத்த ஒரு படத்தை உங்களில் ஒருவர் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை அதைக் கொண்டுவந்து காட்டியபோது அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பல்லுப் போடாமல் இருக்கேக்க நான் வாசலுக்கும் போறதில்லையெல்லோ" என்று மட்டும் சொன்னார். ஸ்டேட்டஸ் இருபத்துநான்கு மணித்தியாலத்தில் மறைந்துவிடும் என்பது அவருக்கு ஆறுதலாக இருக்கவில்லை. பார்க்க வேண்டாத ஆட்கள் அதற்குள் பார்த்துவிட்டார்கள் என்று அவர் நினைக்கிறார், அது சரியும்கூட.

நம் குடும்பத்தில் படத்துக்கு எவ்வளவு பெறுமதி இருக்கிறது என்று எனக்கு நீங்கள் சொல்லத் தேவையில்லை. 1990 இல் ஊரை விட்டு ஓடியபோது அப்பா கையிலெடுத்தது காணி உறுதியும் ஓர் அல்பமும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி திருக்கடலூர்ப் பக்கமிருந்த சின்னம்மாவின் வீட்டுக்குள் கடல் வந்தபோது அந்த அல்பமும் போய்விட்டது. அப்பாவின் கலியாணப் படம் என்று நமக்கு மிஞ்சியிருப்பது யாரோ ஓர் உறவினர் தன்னிடமிருந்ததைப் பிரதி எடுத்துத் தந்தது. படங்கள் பல கைகளில் இருக்க வேண்டும் என்று பெரியண்ணா சொல்வதற்குப் பின்னால் இந்த வலி இருக்கிறது என்பதை நான் அறிவேன். எனக்கும் அந்த வலி உண்டு. அதனால் படம் எடுக்க வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை.

ஆனால் அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். சுற்றிவளைப்பு நடந்த நாட்களில் சின்னையா வீட்டிலிருந்த படங்களையெல்லாம் மேசையில் பரப்பி, யாரோடு யார் நிற்கிறார்கள் என்று பார்த்து, சிலதைக் கத்தரித்தார், சிலதை அடுப்பில் போட்டார். ஒரு படத்தில் பக்கத்தில் நின்றதற்காக ஒருவர் பதில் சொல்ல வேண்டி வரலாம் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்ல நாம். அன்றைய அல்பம் அம்மாவின் அலுமாரிக்குள் இருந்தது. பார்க்க விரும்புபவர் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்த்தார். பிரதி வேண்டுமானால் கேட்டார். படத்துக்கு நிற்கும்போது நாம் சம்மதித்தது அந்த அலுமாரிக்கு. இன்றைக்கும் மாமரத்தின் கீழே நின்ற எல்லோரும் அம்மாவோடு நிற்கத்தான் நின்றோம். அம்மாவோடு நிற்பதற்கும் ஆயிரத்து நானூறு பேர் முன்னால் நிற்பதற்கும் ஒரே சம்மதம் போதும் என்பதுதான் பெரியண்ணாவின் தீர்ப்பில் எனக்கு ஏற்க முடியாத இடம்.

அந்தத் தீர்ப்பின்படி மகள் என்ன செய்திருக்க வேண்டும்? அம்மம்மாவின் எண்பதாவது பிறந்தநாளில், எல்லோரும் "வா, வா" என்று கூப்பிட, நான் வரமாட்டேன் என்று விறாந்தையில் நின்றிருக்க வேண்டும். ஏன் என்று கேட்டால், எனக்கு ஓரிடத்தில் பேசுகிறார்கள், இப்போது படம் வெளியே போகக் கூடாது என்று, நாங்கள் மறைத்துவைத்ததையே எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் படத்தில் நின்றவர்களில் இன்னும் இரண்டு பேர், தங்களுக்கும் அது வெளியே வந்தது சங்கடமாகிவிட்டது என்று பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்கள். அவர்களுடைய காரணங்களை நான் எழுதப்போவதில்லை. காரணத்தைச் சொல்ல முடியாத நிலைதான் பல வேளைகளில் காரணமாக இருக்கிறது. விருப்பமில்லாதவர் விலகி நிற்கட்டும் என்பது, மறைக்க வேண்டியது உள்ளவரே கையை உயர்த்திக் காட்டட்டும் என்பதற்குச் சமம்.

சட்டத்தைக் காட்டி மிரட்டுகிறேன் என்று சின்னண்ணா குறைப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். நம் நாட்டில் எனக்கு அப்படிக் காட்டச் சட்டமும் இல்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் முற்றிலும் தன் சொந்த, வீட்டுத் தேவைகளுக்காகக் கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. குடும்பத்துக்குள் நடப்பதைக் குடும்பமே பார்த்துக்கொள்ளும் என்று சட்டம் நம்மை நம்பி விட்டிருக்கிறது என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்களுக்கு நிலைமை வேறு என்பதை அவர்களே அறிவார்கள். நெதர்லாந்தில் 2020 மே மாதம் ஒரு நீதிமன்றம், தன் பேரப்பிள்ளைகளின் படங்களை முகநூலிலும் பின்ரெஸ்ரிலும் போட்டிருந்த ஓர் அம்மம்மாவுக்கு அவற்றை எடுக்கும்படி கட்டளையிட்டது. பிள்ளைகளின் தாய் பலமுறை கேட்டும் அவர் எடுத்திருக்கவில்லை. எடுக்காத ஒவ்வொரு நாளுக்கும் ஐம்பது யூரோ, உச்சம் ஆயிரம் யூரோ என்று தண்டமும் விதிக்கப்பட்டது. வீட்டுத் தேவை என்ற விலக்கு அங்கேயும் இருக்கிறது. ஆனால் மூன்றாம் ஆட்களின் கைக்கும் போகக்கூடிய இடத்தில் போட்ட படம் அந்த விலக்குக்குள் அடங்காது என்று நீதிமன்றம் பார்த்தது. ஜேர்மனியில், ஒருவரின் படத்தை அவருடைய சம்மதத்தோடு மட்டுமே பரப்பலாம் என்ற விதி 1907 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. பிஸ்மார்க் இறந்து கிடந்த அறைக்குள் இரவில் புகுந்து இரண்டு பேர் படம் எடுத்ததால் எழுந்த கொதிப்பின் தொடர்ச்சியாக வந்த சட்டம் அது. செத்த வீட்டுப் படங்களை முகநூலில் போடும் நம்முடைய பழக்கத்தைப் பற்றி இன்னொரு நாள் எழுதுவேன். இந்த வழக்கு நம் வீட்டுக்கு வர வேண்டும் என்று இவற்றைச் சொல்லவில்லை. பேரப்பிள்ளை படத்துக்காகத் தாயும் மகளும் நீதிமன்றம் ஏறும் நிலை வருவதற்கு முன்னால், "போடலாமா" என்று ஒரு சொல் கேட்டிருக்க எத்தனையோ நாட்கள் இருந்திருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முப்பத்தொரு பேரிடம் எப்படிக் கேட்பது என்று பெரியண்ணா கேட்டிருந்தார். அது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் குறை மட்டும் சொல்வது சரியில்லை. கார்த்திகையில் என் தோழி ஒருத்தியின் வீட்டில், பாலையூற்றில், நாற்பது பேர் கூடிய நிகழ்வொன்றில் அவர்கள் செய்ததைப் பார்த்தேன். முதலில் எல்லோரும் நின்று ஒரு படம் எடுத்தார்கள், அது வீட்டுக்கு. பிறகு படம் எடுத்தவர், "இனி எடுக்கிறது பேஸ்புக்குக்கு, சாப்பாடு பார்க்கிற ஆக்கள் போகலாம்" என்று உரத்துச் சொன்னார். எட்டுப் பத்துப் பேர் சமையற்கட்டுப் பக்கமும் கிணற்றடிப் பக்கமும் கலைந்தார்கள். அவர்களில் யார் சாப்பாடு பார்க்கப் போனார், யார் படத்துக்கு விருப்பமில்லாமல் போனார் என்று எவருக்கும் தெரியாது, எவரும் கேட்கவுமில்லை. மிச்சமானவர்களை வைத்து இரண்டாவது படம் எடுத்தார்கள். இரண்டு படத்துக்கும் இடையில் ஒரு நிமிடம் சென்றிருக்கும். முதல் படம் எல்லோருக்கும் குடும்பக் குழுவில் போனது. அதைப் பெரிதாக அச்சடித்துக் கூடத்தில் மாட்டியும் இருக்கிறார்கள்.

தம்பியின் நிலாவெளி வீட்டுக் குடிபூரல் தை மாதத்தில் வருகிறது. அதற்கு முன் நான் உங்களிடம் கேட்பவை இவை.

முதலாவதாக, பெரியண்ணா, நீங்கள் அறிவித்த முடிவைத் திரும்பப் பெற்று, எல்லோரும் எழுதக்கூடியவாறு குழுவை மறுபடி திறந்துவிடுங்கள். பதினேழு பெருவிரலுக்குள் அம்மாவின் விரலும் இல்லை, படத்தில் நின்ற பிள்ளைகளின் விரலும் இல்லை.

இரண்டாவதாக, குடிபூரலில் இரண்டு படங்கள் எடுக்கப்பட வேண்டும்: வீட்டுக்கு ஒன்று, வெளியே போட ஒன்று. எது எதற்கு என்று எடுப்பதற்கு முன் சத்தமாகச் சொல்லப்பட வேண்டும். வெளியே போடும் படத்தையும் முதலில் குழுவில் போட்டு இரண்டு நாள் பொறுத்திருங்கள். பதில் எழுதாதவர் சம்மதித்தவர் ஆகமாட்டார்; அவரிடம் அழைத்துக் கேளுங்கள். அம்மாவிடமும் தொலைபேசி இல்லாத மற்றவர்களிடமும் படத்தைக் காட்டிக் கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்காகத் தாய் தகப்பனிடம் கேளுங்கள். எழுத வாசிக்கத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் அந்தப் பிள்ளையிடமும் கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் அந்தப் படம் போகாது. அவருடைய முகத்தின் மேல் மஞ்சள் பொம்மை முகத்தை ஒட்டிப் போடுவதும் வேண்டாம்; அது அவரைத்தான் எல்லோருக்கும் காட்டிக் கொடுக்கிறது.

மூன்றாவதாக, போடும் படத்தில் ஒருவரையும் டேக் செய்யாதீர்கள். வீடு எங்கே இருக்கிறது என்று எழுதாதீர்கள். கீழே யாராவது "இது யார்" என்று கேட்டால் பெயர், வயது, வேலை, பாடசாலை எதையும் பதிலாக எழுதாதீர்கள். தெரிய வேண்டியவர் நம்மிடம் அழைத்துக் கேட்கட்டும். மாமிமாரும் அக்காமாரும் இதைத் தங்கள்மேல் சொன்ன குறையாக எடுக்கக் கூடாது. இது எனக்கும் சேர்த்துத்தான்: அந்த முப்பத்தெட்டில் ஒன்று, "என்ர செல்லம்" என்று மகளைச் சுட்டி நான் எழுதியது.

நான்காவதாக, ஒருவர் தன் படத்தை எடுக்கச் சொன்னால் அன்றைக்கே பதிவை முழுவதுமாக அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று அவருக்கு எழுதுங்கள். காரணத்தைக் கேட்காதீர்கள். ஸ்டேட்டஸில் போட்டிருந்தால் அதையும், வேறு குழுக்களுக்கு அனுப்பியிருந்தால் அதையும் அழியுங்கள். வட்ஸ்அப்பில் Delete for everyone என்பது அனுப்பி ஏறக்குறைய இரண்டரை நாள் வரையில்தான் கிடைக்கும் என்பதால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

ஐந்தாவதாக, ஓகஸ்ட் 17 முதல் இன்றுவரை அம்மாவின் பிறந்தநாள் படங்களை எவர் எவர் எங்கே போட்டிருக்கிறீர்கள் என்பதைத் தேடி, அம்மாவின் கட்டுப்பல் இல்லாத படத்தையும் மகள் நிற்கும் படங்களையும் அழித்துவிட்டு, எனக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள். வெட்டிய படத்தை உங்களுக்கு யாராவது அனுப்பியிருந்தால், யார் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அனுப்பியவரிடம், இது அந்தப் பிள்ளையின் சம்மதம் இல்லாமல் வெட்டிய படம், மேலே அனுப்ப வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

குடிபூரலுக்கு நானும் மகளும் வருவோம். மேலே சொன்னவற்றுக்குச் சம்மதமா இல்லையா என்பதை மார்கழி முடிவதற்குள் குழுவில் எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு, தம்பி வீட்டு வாசலில் எந்தப் படத்துக்கு நிற்பது என்று மகள் தீர்மானிப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையும் அக்காவும் மாமியுமானவள்,
திருகோணமலை.